பதினாறு புள்ளி ஆறு

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரவேண்டிய தேர்வாளருக்கு முதுகுப் பிடிப்பு. அவருக்குப் பதிலாக யாரை அனுப்பலாம் என்று தேடிய தேர்வு அலுவலகம் அவளைக் கூப்பிட்டது. பள்ளியின் பெயரைச் சொன்னதும் அவள் குறித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தப் பள்ளியில் நான் வேலை பார்த்திருக்கிறேன், என்னைத் துரத்தித்தான் விட்டார்கள், அதனால் வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "போறேன் சார்" என்றாள். போனை வைத்த பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளியில் அவளுக்கு 'சொட்டு மிஸ்' என்று பட்டப்பெயர். "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, பொறு, இன்னும் ஒரு சொட்டு" என்று பிள்ளைகளின் காதருகே நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வேதியியல் துறைத் தலைவருக்கோ 'ரெடிமேட் சார்' என்று பெயர். அவரிடம் எல்லாம் தைத்துத் தயாராக இருக்கும். கேள்வி, விடை, செய்முறைத் தேர்வில் வரப்போகும் எண் எல்லாமே. அவர் பிள்ளைகள் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குவார்கள்; அவர் எப்போதும் மாலை வாங்குவார்.

ஒரு வருடம் வந்த தேர்வாளர் கொஞ்சம் கண்ணுள்ளவர். வகுப்பு முழுக்க ஒரே எண்ணை எழுதியிருப்பதைப் பார்த்து, "இது எப்படி?" என்று கேட்டுவிட்டார். ரெடிமேட் சார் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. தலையை ஆட்டி, பெருமூச்சு விட்டு, பக்கத்தில் நின்ற அவளைக் காட்டினார். "சின்னப் பொண்ணு சார், வீட்ல டியூஷன் எடுக்குது. பாசத்துல சொல்லிக் குடுத்துருச்சு போல." டியூஷன் எடுத்தது நிஜம். மீதி பொய். ஆனால் நிஜத்தின் முதுகில் ஏறிவரும் பொய்யை யார் இறக்கிவிடுவார்கள்? வேலை போனது. பிறகு வேறு ஊர், வேறு பள்ளி, "முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க, ஏன் விட்டீங்க?" என்ற அதே கேள்வி. இப்படியே வருடங்கள் போய், தலையில் நரையும் வந்து, அவளும் தேர்வாளர் ஆகிவிட்டாள்.

தேர்வு நாள் காலையில் ஆய்வகக் கதவைத் திறந்துகொண்டு நுழைந்தபோது, மேசைகள், குழாய்கள், சுவரில் கறை என எல்லாம் அப்படியே இருந்தன. ரெடிமேட் சாரும் அப்படியே இருந்தார். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. தேர்வாளர் என்று யாரையோ எதிர்பார்த்துச் சிரித்த முகம் அவளைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"அடடே, நீயா… வாம்மா. நீங்க… வாங்க மேடம்."

'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்கு அவர் தாண்டிய தூரத்தை அவள் ரசித்தாள்.

"வணக்கம் சார்."

"பழைய ஆளுங்க வந்தா மனசுக்கே ஒரு தெம்பு. நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம். கரைசல், கருவி எல்லாம் ரெடியா இருக்கு. உக்காந்து காபி சாப்பிடுங்க, பசங்க பண்ணிட்டுப் போயிடுவாங்க."

அந்த 'ரெடியா இருக்கு' போதுமாக இருந்தது. ஆள் மாறவில்லை. கழுவக் கழுவ நாறும் மீன் மாதிரி.

அன்றைய சோதனை எளியது. செறிவு தெரியாத அசிட்டிக் அமிலம், இருபது மில்லி, பீக்கரில். பியூரெட் என்ற அளவுக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், அதன் செறிவு தெரியும்: பத்தில் ஒரு மோலார். காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கி, பி.எச். மீட்டரில் எண்ணைப் பார்த்து எழுதவேண்டும். பிறகு கட்டக் காகிதத்தில் வளைகோடு வரையவேண்டும். தொடக்கத்தில் கோடு கொஞ்சம் ஏறும்; பிறகு வெகுதூரம் சோம்பேறி மாதிரி மெல்ல நகரும்; பிறகு ஒரு இடத்தில், சில சொட்டுகளுக்குள், சுவர் ஏறுவது போல ஏறி, மேலே போய் மறுபடி படுத்துவிடும். எங்கே மிகச் செங்குத்தாக ஏறுகிறதோ அதன் நடுதான் சமானப் புள்ளி. அமிலம் முழுவதற்கும் ஈடான காரம் வந்து சேர்ந்துவிட்ட இடம். அந்த மில்லியை வைத்து அமிலத்தின் செறிவைக் கணக்கிட்டுவிடலாம். நிறங்காட்டி எதுவும் விடக்கூடாது என்று கேள்வியிலேயே இருந்தது. அதனால் நிறம் மாறி எதுவும் காட்டிக்கொடுக்காது. மீட்டர்தான் பேசவேண்டும்.

ரெடிமேட் சார் காபி சொல்லப் போனார். அவள் உள்ளறைக்குப் போனாள். பெரிய பாட்டிலில் அமிலம் தயாராக இருந்தது. மூடியின் மேல் தூசி. நேற்றோ அதற்கு முன்போ செய்தது. அதுவும் பத்தில் ஒரு மோலார் என்றால், இருபது மில்லி அமிலத்துக்கு இருபது மில்லி காரம். எவ்வளவு நேர்த்தியான, மறக்கமுடியாத எண்!

ஆய்வக உதவியாளர் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வேலை பார்த்த காலத்திலும் அவர்தான்.

"அண்ணே, ஒரு லிட்டர் குடுவை இருக்கா?"

"இருக்கு மிஸ்." கொண்டுவந்து வைத்தார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கரைசல மாத்தப் போறீங்களா?"

"வெளியாள் விரும்பினா மாத்தலாம்னு விதி இருக்கு."

"விதி இருக்கு," என்றார் அவர், "இதுவரைக்கும் யாரும் மாத்தினதில்ல," என்று சொல்லிவிட்டு, கதவை உடம்பால் மறைத்தபடி துடைப்பதைத் தொடர்ந்தார்.

எண்ணூற்று முப்பது மில்லி அமிலத்தை அளந்து குடுவையில் ஊற்றி, கழுத்துக் கோடுவரை தண்ணீர் விட்டாள். குலுக்கினாள். இருபது மில்லி எடுத்துத் தானே ஒருமுறை காரம் விட்டுப் பார்த்தாள். பதினாறைத் தாண்டியதும் சொட்டு சொட்டாக. பதினாறரையில் மீட்டர் ஏழு காட்டியது. அடுத்த பத்தில் ஒரு மில்லிக்கு எட்டு புள்ளி ஏழு. அதற்கு அடுத்ததில் பத்து புள்ளி நான்கு. பதினாறு புள்ளி ஆறு. அவள் பீக்கரைக் கொட்டிக் கழுவினாள். பிறகு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தேர்வு தொடங்கியது. உதவியாளர் அந்தக் குடுவையிலிருந்தே ஒவ்வொரு மேசைக்கும் அமிலம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிள்ளை, ஒரு மீட்டர், ஒரு பியூரெட். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். முதல் மேசைப் பையன் பதினேழு மில்லி விட்டிருந்தான். மீட்டர் பதினொன்று காட்டியது. அவன் அதை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் ஐந்து புள்ளி ஐந்து என்று எழுதினான். அழகான கையெழுத்து. அடுத்த மேசையிலும் அப்படித்தான். மூன்றாவது மேசைப் பெண் மீட்டரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்; மீட்டரின் தலையில் லேசாகத் தட்டினாள்; பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்த எண்ணை எழுதினாள். கருவி கழுதை, சார் சொன்னதே வேதம்.

அவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. இத்தனை வருடம் காத்திருந்த பசிக்கு யாரோ இலை போட்டுவிட்டது போல. ஒவ்வொரு பொய் எண்ணும் ஒரு கவளம்.

கடைசி மேசையில் ஒரு நெட்டைப் பெண் கையைத் தூக்கினாள். "மேடம், எனக்குப் பதினாறரை தாண்டினதும் ஒரேயடியா தாவுது. ரெண்டு தடவ பண்ணிட்டேன். அப்படியேதான் வருது."

சொட்டு மிஸ் வாயைத் திறப்பதற்குள் ரெடிமேட் சார் அங்கே போய் நின்றார். குரலை இறக்கினார், ஆனால் ஆய்வகத்தில் குரல் இறங்குவதில்லை.

"மீட்டர் எலெக்ட்ரோடு சரியில்லம்மா. கழுவிட்டுப் பண்ணு. நேத்து வந்த மாதிரிதான் வரும்."

"நேத்தா சார்?" என்றாள் அவள்.

"பழக்க வகுப்பு மேடம். சும்மா ஒரு பயிற்சி."

"ஓ. சரி."

நெட்டைப் பெண் அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. 'நீங்களாவது சொல்லுங்கள்' என்பது போல. ஒரு வார்த்தை போதும். 'மீட்டர் சரி, நீ பார்ப்பதை எழுது' என்று சொல்லியிருக்கலாம். அவள் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பெண் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள்.

தாள்கள் வந்தன. சன்னலோர மேசையில் வைத்து, கட்டக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். எல்லாருடைய கோடும் ஒரே இடத்தில் எழும்பி நின்றது. இருபதில். ஒரே வீட்டுக்கு எல்லாரும் ஒரே ஏணியைச் சாத்தியது போல.

"அண்ணே, பெரிய மேடத்தக் கூட்டிட்டு வாங்க. பசங்க யாரும் போக வேணாம்."

தலைமை ஆசிரியை வந்தார். புதியவர், கண்டிப்பானவர், முகத்தில் எப்போதும் ஒரு அவசரம். அவள் உறையைக் கிழித்துச் சீட்டைக் காட்டினாள். தாள்களைக் காட்டினாள். "இன்னைக்கு வச்ச அமிலத்துக்கு இருபது வரவே வராது மேடம். எல்லாருக்கும் இருபது வந்திருக்கு."

ரெடிமேட் சார் சிரித்தார். "மேடம் போட்ட கரைசல்ல ஏதோ தப்பு. நான் வச்சது சரியான கரைசல். கேக்காம மாத்தியிருக்காங்க."

"அப்போ நீங்களே பண்ணிப் பாருங்க சார்," என்றாள் அவள். "நான் தொடவே மாட்டேன். உங்க கையாலயே."

"இப்பவா? பசங்க முன்னாடியா?"

"பசங்க எலெக்ட்ரோடு சரியில்லன்னு பயந்துட்டாங்க. நீங்க பண்ணினா அவங்களுக்கும் தைரியமா இருக்கும்."

தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பண்ணுங்க சார், சட்டுனு முடிங்க," என்றார்.

ரெடிமேட் சார், உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டை எடுத்தார். பல வருடமாக அதைத் தொடாத கை. அமிலம் கோட்டுக்கு மேலே போய், கீழே போய், மறுபடி மேலே போனது. பிள்ளைகள் மேசைகளை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அவர் காரத்தைத் திறந்துவிட்டார். ஐந்து, பத்து, பதினைந்து. மீட்டர் மெல்ல மெல்ல நகர்ந்து ஐந்தே முக்காலுக்குப் பக்கத்தில் நின்றது.

"இனி சொட்டு சொட்டா சார்," என்றாள் அவள் அவர் காதருகே. "ஒவ்வொண்ணையும் போர்டுல எழுதுங்க."

கரும்பலகையில் அவருடைய சாக்கட்டி கிறீச்சிட்டது. பதினாறரைக்கு ஏழு. அவர் விரல் குழாயைத் தொட்டது, தயங்கியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பதினாறு புள்ளி ஆறு: எட்டு புள்ளி ஏழு. பிள்ளைகளில் யாரோ 'ஸ்ஸ்' என்றார்கள். பதினாறு புள்ளி ஏழு: பத்து புள்ளி நான்கு. அதற்குமேல் விட்டதும் ஏற்றம் தளர்ந்து படுக்கத் தொடங்கியது: பத்து புள்ளி ஏழு.

"எங்க சார் ரொம்பச் செங்குத்தா ஏறுது?"

அவர் சாக்கட்டியை விரல்களுக்குள் உருட்டினார்.

"ரெண்டு பக்கமும் ஒரே தாவல். நடுவுல எது நிக்குது? பசங்க பாத்துட்டு இருக்காங்க. சொல்லுங்க."

"பதினாறு புள்ளி ஆறு."

"கேக்கல சார்."

"பதினாறு புள்ளி ஆறு!"

தலைமை ஆசிரியை கரும்பலகையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெடிமேட் சாரின் முகம் சுண்டிப்போய், அடுத்த கணம் சிவந்தது. மாட்டிக்கொண்ட பூனை பிறாண்டத்தான் செய்யும். "மேடம், இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? இதே பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவங்க. இதே விஷயத்துக்காக வெளிய அனுப்பினோம். இப்ப பழி வாங்க வந்திருக்காங்க. பழி!"

எங்கோ ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உண்மையா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"ஆமா மேடம்," என்றாள் அவள். "வேலை பார்த்தது உண்மை. அனுப்பினதும் உண்மை. பழி வாங்கத்தான் வந்திருக்கேன், அதுவும் உண்மை. அதனால அந்தப் போர்டுல இருக்கிற நம்பர் மாறிடுமா?"

பின்வரிசையில் ஒரு பையனுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டான்.

தலைமை ஆசிரியை நல்ல நிர்வாகி. கத்தவில்லை. மதியம் புதுக் கரைசலில் மறுதேர்வு. மேற்பார்வைக்கு இயற்பியல் ஆசிரியர். துறைத் தலைவர் ஆய்வகப் பக்கமே வரக்கூடாது. தேர்வாளர் தன் அறிக்கையை எழுதி அனுப்பலாம். இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போனார்.

நடைபாதையில் ரெடிமேட் சார் அவளைப் பிடித்துக்கொண்டார். கையில் இன்னும் சாக்கட்டித் தூள்.

"ஏம்மா… எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு. அறிக்கை அது இதுன்னு போனா பேரே போயிடும்மா. நீ என்ன சொன்னாலும் செய்யறேன்."

மறுபடி 'நீ'. மறுபடி 'அம்மா'. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு அந்த நம்பரப் பசங்களுக்குச் சொன்னது யாரு?"

அவர் இருபக்கமும் பார்த்தார். உதவியாளர் வாளியோடு வந்துகொண்டிருந்தார். அவர்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அவரு இருக்காரு," என்றார் ரெடிமேட் சார்.

"இருக்கட்டும். அன்னைக்கும் இருந்தாரு."

"நான்தான்," என்றார். "நான்தாம்மா சொன்னேன். உன் பேரச் சொன்னது தப்புதான். பயந்துட்டேன்."

அதைக் கேட்பதற்காக அவள் எத்தனை விதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள்! அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. வெயிலில் வந்தவன் தண்ணீரைக் குடிப்பது போல் அந்த வார்த்தைகளை மடக்கென்று குடித்து முடித்துவிட்டாள்.

"சரி சார்."

"அப்போ அறிக்கைய…"

"எழுதுவேன்."

"சொல்லிட்டேனேம்மா!"

"கேட்டேன், சொன்னீங்க. சொன்னா விட்டுடறேன்னு நான் சொல்லவே இல்லையே."

அவர் அப்படியே நின்றார். அவள் நடந்தாள்.

மதியத் தேர்வில் புது அமிலம். இந்த முறை அவள் எந்தப் பிள்ளைக்கும் புதிர் வைக்கவில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, "மீட்டர் எல்லாம் சரியா இருக்கு, அது சொல்றதத்தான் எழுதணும்," என்று உரக்கச் சொன்னாள். பிள்ளைகள் சொட்டு சொட்டாக, உயிர் போகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். கோடுகள் கோணலும் மாணலுமாக வந்தன. ஒவ்வொன்றும் பத்தில் ஒரு மில்லி முன்னும் பின்னுமாகத் தள்ளாடியது. ஆனால் ஒவ்வொன்றும் அவரவர் கோடு.

நெட்டைப் பெண்ணின் கோடுதான் எல்லாவற்றிலும் சரி. ஏறும் இடத்தில் புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைத்திருந்தாள். தாளை நீட்டும்போது கையை விடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"காலைல நான் கை தூக்கினப்போ உங்களுக்குத் தெரியும்ல, என்னுதுதான் சரின்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அழிக்க விட்டீங்க?"

அவள் தாளிலிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் இருபதுன்னு எழுதினாத்தான் அவர் மாட்டுவாருன்னு விட்டேன்," என்றாள் கடைசியில்.

"அப்போ எங்கள வச்சுத்தான்."

"ஆமா."

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு பேருமே எங்கள வச்சுத்தான் வெளையாடினீங்க மேடம்," என்று மெதுவாகச் சொல்லி, தாளை விட்டுவிட்டுப் போனாள்.

அறிக்கை போனது. ரெடிமேட் சார் தற்காலிக நீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்தார். ஓய்வு விழா இல்லை, மாலை இல்லை. பழைய வழக்கையும் தோண்டினார்கள். உதவியாளர் போய்ச் சாட்சி சொன்னார், அவள் பெயர் சுத்தமாயிற்று. அதோடு, பழைய பள்ளி என்பதை மறைத்துத் தேர்வாளராகப் போனதற்கு அவளிடமும் விளக்கம் கேட்டார்கள். இனி அவளைத் தேர்வாளராக அழைப்பதில்லை என்று முடிவானது. அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. ஒரு வரியும் எதிர்த்து எழுதவில்லை.

வருத்தமா என்று அவள் கணவன் ஒருநாள் கேட்டான்.

"அவரப் பத்தியா? சத்தியமா இல்ல," என்றாள். "மறுபடி வாய்ப்பு கெடச்சா மறுபடியும் போர்டுல எழுத வைப்பேன்."

"வேற?"

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கடைசி மேசையில ஒரு பொண்ணு இருந்தா," என்றாள். "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."